பாலத்துக்கு அடியில் ஒரு ரப்பர் கட்டை

பாம்பன் சாலைப் பாலத்தில் பேருந்து போகும்போது சீரான இடைவெளியில் 'டக் டக்' என்று ஒரு தட்டல் கேட்கும். ஜன்னல் வழியே கடலைப் பார்ப்பவர்கள் அதைக் கவனிப்பதில்லை. கவனித்தவர்களோ சாலை சரியில்லை என்று ஒப்பந்ததாரரைத் திட்டுவார்கள். தட்டல் கடுமையாக இருந்தால் அந்தத் திட்டில் நியாயம் இருக்கலாம். ஆனால் தட்டல் கேட்கும் இடங்களில் சாலை வேண்டுமென்றேதான் வெட்டப்பட்டிருக்கிறது.

ஏன் என்பதற்கு எளிய கணக்கு போதும். 1988 அக்டோபர் 2-ஆம் தேதி திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் 2,345 மீட்டர். ஒரு மீட்டர் கான்கிரீட், ஒரு டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக நீளும். மார்கழி விடியலுக்கும் சித்திரை மதியத்துக்கும் இடையே பாலத்தின் உடம்புச் சூடு 15 டிகிரி மாறுகிறது என்று வையுங்கள். பாலம் ஒரே துண்டாக இருந்தால் 42 சென்டிமீட்டர் நீளும். கிட்டத்தட்ட ஒரு முழம். இத்தனை நீட்சியை ஒரே இடத்தில் விட முடியாது. அதனால்தான் துண்டு துண்டாகப் பிரித்து, இடையிடையே வாய் விட்டிருக்கிறார்கள்.

அந்த வாயைப் பற்றிப் பேசுவதற்கு முன், லாரியின் எடை எந்த வழியாகப் பூமிக்குப் போகிறது என்று பார்த்துவிடலாம். அதற்குக் கடற்பாலம் வேண்டாம். நம் ஆறுகளின் மேல் நெடுஞ்சாலைகளில் சாதாரணமாகக் காணப்படும் கர்டர் பாலத்தில் ஒரு ஸ்பேனை, அதாவது இரண்டு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வோம். நீளம் 30 மீட்டர், அகலம் 12 மீட்டர். கீழே நான்கு கான்கிரீட் கர்டர்கள் நீளவாக்கில் கிடக்கின்றன. அவற்றின் மேல் 22 சென்டிமீட்டர் தடிமனில் டெக் ஸ்லாப், அதன் மேல் தார்.

லாரியின் சக்கரம் முதலில் அழுத்துவது ஸ்லாபைத்தான். ஸ்லாப் அந்த எடையை நீளவாக்கில் தூண்வரை கொண்டுபோவதில்லை. குறுக்குவாட்டில் வளைந்து, பக்கத்திலுள்ள கர்டர்களிடம் ஒப்படைத்துவிடுகிறது. கர்டர்கள்தாம் அதை 30 மீட்டர் தூரம் சுமந்து தூணுக்குக் கொண்டுபோகின்றன. அப்படிச் சுமக்கும்போது நடுவில் கொஞ்சம் தொய்யும். தொய்கிற கர்டரின் மேற்பகுதி நெருக்கப்படும், அடிப்பகுதி இழுபடும். கான்கிரீட் நெருக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. அதனால் கர்டரின் அடிப்பகுதி வழியாக எஃகுக் கேபிள்களை ஓடவிட்டு, ஜாக் வைத்து இழுத்துப் பூட்டிவிடுகிறார்கள். லாரி வருவதற்கு முன்பே அடிப்பகுதி இறுக நெருக்கப்பட்டிருக்கும். லாரி வந்து இழுத்தால் அந்த நெருக்கம் கொஞ்சம் தளரும், அவ்வளவுதான்.

வண்டி ஓரமாகப் போனால் அந்தப் பக்கத்துக் கர்டர் அதிகம் சுமக்கும். மறுஓரக் கர்டருக்குக் கிடைப்பது சொற்பமே. ஸ்லாபும், கர்டர்களைக் குறுக்கே பிணைக்கும் டயஃப்ரம் சுவர்களும் சுமையைப் பங்குபோட்டாலும் சமமாகப் பங்குபோடுவதில்லை. எனவே ஒவ்வொரு கர்டரையும், மோசமான வண்டி மோசமான இடத்தில் நிற்பதாக வைத்துத்தான் கணக்கிட வேண்டும்.

மோசமான வண்டி என்றால் எது? இந்திய சாலை காங்கிரசின் விதிநூலில் அதற்கென்று கற்பனை வண்டிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று ‘70ஆர்’ சக்கர வண்டி: ஏழு அச்சு, மொத்தம் 100 டன். முன்னச்சுக்கு 8 டன், அடுத்த இரண்டுக்கும் தலா 12, கடைசி நான்குக்கும் தலா 17. குதித்து ஓடும் வண்டி நிற்கும் வண்டியைவிடக் கூடுதலாக அடிக்கும் என்பதால், நம் 30 மீட்டர் ஸ்பேனுக்கு இதன் மேல் எட்டில் ஒரு பங்கு சேர்க்கச் சொல்கிறது விதி.

இத்தனைக்கும் லாரி இங்கே சின்ன ஆள்தான். கான்கிரீட்டையும் தாரையும் ஓரத் தடுப்புச் சுவரையும் கூட்டினால் அந்த ஒரு ஸ்பேனே ஏறக்குறைய 500 டன். அத்தனை பெரிய வண்டியைப் போல் ஐந்து மடங்கு. பாலம் பெரும்பாலும் தன்னைத்தானே சுமந்துகொண்டிருக்கிறது. லாரி வந்தால் கூடுதலாக ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத் தொய்யும். ஸ்பேன் நடுவில் நின்றால் கனரக வண்டி கடக்கும்போது காலுக்கடியில் உணரும் ஆட்டம் அதுதான். அது நோயல்ல. ஆடாத கர்டர் சுமையை வாங்கவில்லை என்று பொருள்.

இனி கர்டரின் முனைக்கு வருவோம். அதைத் தூணின் தலைப்பகுதியான பியர் கேப்போடு கான்கிரீட்டில் ஒட்டி வார்த்துவிட்டால் என்ன? உறுதியாக இருக்குமே என்றுதான் தோன்றும். கோடையும் குளிரும் சேர்ந்து கான்கிரீட்டின் சூட்டில் 25 டிகிரி மாற்றம் வரும் உள்மாவட்டம் என்று வைத்தால், நம் ஸ்பேன் 9 மில்லிமீட்டர் நீளும். சுண்டுவிரல் தடிமன்கூட இல்லை. ஆனால் அந்த 9 மில்லிமீட்டரை முற்றிலும் தடுத்துவிட்டால், கான்கிரீட்டுக்குள் சதுர சென்டிமீட்டருக்கு 90 கிலோ அழுத்தம் எழும். ஸ்பேனின் குறுக்கு வெட்டு முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் ஏறக்குறைய 5,000 டன். பாலத்தின் சொந்த எடையைப் போல் பத்து மடங்கு, அதுவும் பக்கவாட்டில். எந்தத் தூணும் அதைத் தடுத்து நிற்காது. ஒன்று தூண் வளைந்து கொடுக்கும், அல்லது முனையில் கான்கிரீட் வெடிக்கும். வெயில் மட்டுமல்ல, புதுக் கான்கிரீட் உலர உலரச் சுருங்கும். கேபிளின் இறுக்கத்தில் பல ஆண்டுகள் மெல்லக் குறுகும். லாரி ஏறும்போது கர்டர் தொய்வதால் அதன் முனை கொஞ்சம் சாய்ந்து திரும்பும். இவையெல்லாமே தடுக்கக் கூடாத அசைவுகள்.

ஆக, முனையில் வைக்கும் பொருளிடம் இரண்டு முரணான குணங்கள் வேண்டும். மேலிருந்து வரும் நூறு டன்னுக்கு நசுங்கக் கூடாது. பக்கவாட்டில் வரும் சில மில்லிமீட்டருக்கு எதிர்க்கவும் கூடாது. இதுதான் பேரிங். பழைய பாலங்களில் ஒரு முனையில் எஃகு ராக்கர், மறுமுனையில் எஃகு ரோலர் என்று வைத்தார்கள். ராக்கர் முனை சாயும், நகராது. ரோலர் முனை நகரும். இன்று நடுத்தர ஸ்பேன்களில் அந்த வேலையை ஒரு கறுப்பு ரப்பர் கட்டை செய்கிறது. நம் ஸ்பேனில் அது 40 செ.மீ.க்கு 50 செ.மீ. அளவில் இருக்கும் எனலாம். நான்கு கர்டர், இரண்டு முனை, ஆக எட்டுக் கட்டைகள்.

வெறும் ரப்பர் இதற்கு உதவாது. பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பரை மேசையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் பக்கங்களில் பிதுங்குமே, அப்படித்தான் அதுவும் பிதுங்கித் தட்டையாகிவிடும். அதனால் ரப்பரை மெல்லிய அடுக்குகளாக்கி, அடுக்குகளுக்கு இடையே எஃகுத் தகடுகளை வைத்து, சூடேற்றி ஒன்றாக ஒட்டிவிடுகிறார்கள். தகடு ரப்பரைப் பிடித்துக்கொள்வதால் பிதுங்க வழியில்லை, எனவே செங்குத்தாக அது கல் மாதிரி நிற்கிறது. பக்கவாட்டிலோ ஒவ்வொரு அடுக்கும் அடுத்ததன் மேல் சற்றுச் சரியலாம். தகடு அதைத் தடுப்பதில்லை. இரண்டு முனையிலும் ரப்பர் இருப்பதால் ஸ்பேன் தன் நடுவிலிருந்து இருபுறமும் நீளும், முனைக்கு நாலரை மில்லிமீட்டர். ரப்பர் மொத்தம் 5 செ.மீ. தடிமன் இருந்தால், இதற்கு ஒரு பேரிங் காட்டும் எதிர்ப்பு ஏறக்குறைய 2 டன்தான். ஒரு முனையின் நான்குக்கும் சேர்த்து 7 அல்லது 8 டன். ஐயாயிரம் எங்கே, எட்டு எங்கே!

இந்தச் சிறு எதிர்ப்பும் வீணில்லை. பாலத்தின் மேல் லாரி பிரேக் போட்டால் அந்த உந்துதலை யாராவது தூணிடம் சேர்க்க வேண்டும். இரட்டைத் தடப் பாலத்துக்கு வண்டி எடையில் ஐந்தில் ஒரு பங்கு என்கிறது விதி, நம் வண்டிக்கு 20 டன். அதை எட்டுக் கட்டைகளும் பகிர்ந்துகொள்கின்றன. நீண்ட ஸ்பேன்களுக்கு ரப்பரின் சரிவு போதாது. அங்கே பாட் பேரிங் வரும்: உலோகக் கிண்ணத்தில் அடைபட்ட ரப்பர் சாய்வை ஏற்க, அதன் மேல் டெஃப்லான் தாளும் மெருகேற்றிய துருப்பிடிக்காத எஃகும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் பேரிங்கிலிருந்து தொடங்குவதில்லை, மேலே உள்ள ஜாயின்டிலிருந்துதான். ஸ்பேன்களுக்கு இடையிலுள்ள வாயை மூடும் ரப்பர் பட்டை கிழிந்தால், மழைநீர் மண்ணோடு சேர்ந்து நேராகப் பியர் கேப்பில் இறங்கும். பழைய ரோலர்கள் அந்த ஈரத்தில் துருவேறிப் பூட்டிக்கொள்ளும். வாய்க்குள் சல்லி போய் அடைத்தால் கர்டர் நீள இடமில்லாமல் அடுத்த கர்டரையோ கரைச் சுவரையோ முட்டும். சாலை புதுப்பிக்க வந்தவர்கள் ஜாயின்டின் மேலேயே தார் போட்டு மூடிவிடுவதும் உண்டு. கட்டும்போது வைத்த பலகையை எடுக்காமல் இடைவெளியில் விட்டுப்போவது இன்னொரு பழக்கம்.

நகர்வு நின்றுபோனதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஒரே இடைவெளியை விடியலிலும் பிற்பகலிலும் அளந்து பார்க்க வேண்டும். பகலில் குறுகி இரவில் விரிய வேண்டிய வாய் அசையாமல் இருந்தால் எங்கோ பூட்டிக்கொண்டிருக்கிறது. பியர் கேப்பின் விளிம்பில் சாய்வான விரிசல், துருக்கறை, ஒரு பக்கமாகப் பிதுங்கி வெடித்த ரப்பர், தன் இடத்தைவிட்டு வெளியே நடந்துவந்த கட்டை, எல்லாம் அதே கதையைச் சொல்லும். கட்டுப்பாடில்லாமல் நகர்வதும் ஆபத்து. 2008 பிப்ரவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் பர்மிங்காம் பாலத்தின் ஒரு பகுதி, அதைத் தாங்கிய உயரமான ராக்கர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்ததால், சுமார் 20 செ.மீ. இறங்கித் தூணின் மேல் உட்கார்ந்தது. உயிரிழப்பு இல்லை.

பேரிங்கின் ஆயுள் பாலத்தின் ஆயுளைவிடக் குறைவு. ஆகவே அதை மாற்றித்தான் ஆக வேண்டும். பியர் கேப்புக்கும் டயஃப்ரத்துக்கும் இடையே தட்டையான ஹைட்ராலிக் ஜாக்குகளை வைத்து, ஒரு முனையின் எல்லாக் கர்டர்களையும் ஒரே நேரத்தில் சில மில்லிமீட்டர் தூக்குவார்கள். ஒரு கர்டர் மட்டும் முந்தினால் மேலே ஸ்லாப் கிழியும் என்பதால், ஒவ்வொரு கர்டரின் ஏற்றத்தையும் தனித்தனியே அளந்தபடிதான் வேலை நடக்கும். எடை விலகியதும் ஆண்டுக்கணக்காகச் சரிந்து நின்ற பழைய ரப்பர் நிமிர்ந்துகொள்ளும். புதியதை வைக்கும் நாளின் வெயிலும் முக்கியம். உச்சிக் கோடையில் வைத்தால் கர்டர் நீண்டிருக்கும், குளிர்காலச் சுருக்கம் முழுவதும் ஒரே பக்கமாக விழும். அதனால் மிதமான நாளைத் தேர்ந்தெடுப்பார்கள். தூணின் தலையை வடிவமைத்தவர் ஜாக் வைக்க இடம் விட்டிருந்தால் இதெல்லாம் சில நாள் வேலை. விடாவிட்டால் முதலில் தூணைச் சுற்றி இரும்புச் சட்டம் கட்டி, ஜாக்குக்கு ஒரு மேடை உண்டாக்க வேண்டும். அதற்கே பேரிங்கின் விலையைப் போல் பல மடங்கு செலவாகிவிடும்.