மடக்கினாலும் பிரியாத முழங்கை

ஜெர்மானியக் கலைஞர் லோட்டே ரைனிகர் 1926-ல் வெளியிட்ட ‘இளவரசர் அஹ்மதின் சாகசங்கள்’ முழுக்க முழுக்க வெட்டுருவங்களால் ஆன படம். கறுப்பு அட்டையிலும் மெல்லிய ஈயத் தகட்டிலும் உருவங்களை வெட்டி, தோள், முழங்கை, மணிக்கட்டு என ஒவ்வொரு மூட்டையும் கம்பியால் இணைத்தார். கீழிருந்து ஒளி வரும் கண்ணாடி மேசையில் அவற்றைக் கிடத்தி, மிகச் சிறிதாக நகர்த்தி நகர்த்திப் படமெடுத்தார். அந்த மூட்டுகளில் ஒரு துண்டின் மேல் இன்னொரு துண்டு ஏறித்தான் கிடந்தது. ஆனால் கறுப்பின் மேல் கறுப்பு விழுந்தால் எங்கே ஒட்டு என்பது பார்ப்பவர் கண்ணில் படாது.

வண்ணமும் கோடும் வந்தால் அந்த வசதி போய்விடுகிறது. இன்றைய கைபேசி விளையாட்டுகளிலும் தொலைக்காட்சிக் கார்ட்டூன்களிலும் பல பாத்திரங்கள் இதே வெட்டுருவ முறையில்தான் அசைகின்றன. மேற்கை ஒரு படம், முன்கை ஒரு படம், இரண்டுக்கும் நடுவே ஒரு சுழல்புள்ளி. கையை மடக்கினால் முழங்கையின் வெளிப்பக்கத்தில் ஆப்பு வடிவில் ஓர் இடைவெளி திறந்து, பின்னணி எட்டிப் பார்க்கும். உள்பக்கத்தில் ஒரு துண்டின் மூலை மற்றதன் மேல் ஏறி நிற்கும்.

இதற்குப் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. இரண்டு துண்டுகளின் முனைகளையும் சுழல்புள்ளியை மையமாகக் கொண்ட வட்டமாக வரைந்துவிடுவார்கள். வட்டத்தை எந்தப் பக்கம் சுழற்றினாலும் அது அதே வட்டம்தான் என்பதால் இடைவெளி திறக்கவே திறக்காது. கோடில்லாமல் ஒரே நிறத்தில் நிரப்பிய கைக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. கையைச் சுற்றி எல்லைக்கோடு இருந்தால் முழங்கையின் குறுக்கே ஒரு வளைவுக் கோடு தெரியும். டூன் பூம் ஹார்மனி மென்பொருளில் அந்தக் கோட்டை மட்டும் மூடி மறைக்க ‘ஆட்டோ பேட்ச்’ என்றே ஒரு வசதி இருக்கிறது. ஆனால் பாத்திரம் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை அணிந்திருந்தால் இவை எதுவும் உதவாது. கட்டங்கள் முழங்கையில் பட்டென்று முறிந்து நிற்கும்.

அங்கேதான் மெஷ் முறை வருகிறது. இதில் கை இரண்டு துண்டல்ல. தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரே படம். அந்தப் படத்தின் மேல் புள்ளிகளை வைத்து, புள்ளிகளை முக்கோணங்களாக இணைத்து ஒரு வலை போர்த்துகிறார்கள். புள்ளி நகர்ந்தால் அதை ஒட்டிய முக்கோணங்களுக்குள் இருக்கும் ஓவியமும் கூடவே இழுபடும். வலைக்கு அடியில் மேற்கை, முன்கை என இரண்டு ‘எலும்புகள்’. ஒவ்வொரு புள்ளியும் எந்த எலும்பின் பேச்சை எவ்வளவு கேட்க வேண்டும் என்பதைச் சொல்லும் எண்ணுக்கு வெயிட் என்று பெயர். தோள் பக்கத்துப் புள்ளி நூறு சதவீதம் மேற்கைக்குக் கட்டுப்படும். மணிக்கட்டுப் பக்கத்துப் புள்ளி நூறு சதவீதம் முன்கைக்கு. முழங்கையில் இருக்கும் புள்ளி ஆளுக்குப் பாதி. ஸ்பைன், மோஹோ போன்ற மென்பொருள்களிலும், யூனிட்டி, கோடோ ஆகிய விளையாட்டு எஞ்சின்களிலும் அடிப்படை இதுதான்.

ஒரே படம் என்பதால் இடைவெளி திறக்க வழியே இல்லை. ஆனால் புதிதாகச் செய்பவர்கள் இத்துடன் வேலை முடிந்தது என்று நினைத்துக் கையை மடக்கிப் பார்த்தால், தோட்டத்து ரப்பர் குழாயை மடக்கியது போல முழங்கை ஒடுங்கிப் போயிருக்கும். பலர் இந்த இடத்தில் வலையில் இன்னும் இருபது புள்ளிகளைச் சேர்த்துப் பார்ப்பார்கள். ஒடுக்கம் போகாது, ஏனென்றால் பிழை புள்ளிகளின் எண்ணிக்கையில் இல்லை.

60 பிக்சல் அகலமுள்ள ஒரு கையை எடுத்துக்கொள்வோம். முழங்கையின் சுழல்புள்ளி நட்டநடுவில் இருக்கிறது. அதிலிருந்து வெளி விளிம்பு 30 பிக்சல், உள் விளிம்பு 30 பிக்சல். முன்கையை 90 டிகிரி மடக்குகிறோம். வெளி விளிம்பில் இருக்கும் முழங்கைப் புள்ளியை மேற்கை ‘அங்கேயே நில்’ என்கிறது. முன்கை ‘90 டிகிரி சுற்றி வா’ என்கிறது. ஆளுக்குப் பாதி என்று சொல்லிவிட்டதால், மென்பொருள் இந்த இரண்டு இடங்களுக்கும் நேர்க்கோடு போட்டு அதன் நடுவில் புள்ளியை வைக்கிறது. புள்ளி சுற்றி வந்திருந்தால் வட்டத்தின் வில் மீது இருந்திருக்கும். நேர்க்கோட்டின் நடு எப்போதும் வில்லுக்கு உள்ளேதான் விழும். கணக்குப் போட்டால் சுழல்புள்ளியிலிருந்து அதன் தூரம் 30-லிருந்து 21 பிக்சலாகக் குறைந்திருக்கும். உள் விளிம்புக்கும் இதே கதிதான். ஆக, 60 பிக்சல் கை முழங்கையில் 42 பிக்சலாக மெலிந்துவிடுகிறது.

மடக்கும் கோணத்தைப் பாதியாக்கி, அதன் கொசைனால் அகலத்தைப் பெருக்கினால் எந்தக் கோணத்துக்கும் விடை கிடைக்கும். 60 டிகிரி மடக்கில் அகலம் 52 பிக்சல். பார்ப்பவர் பெரும்பாலும் கவனிக்க மாட்டார். 120 டிகிரியில் 30, அதாவது சரிபாதி. 150 டிகிரியில் 16 பிக்சல்தான் மிஞ்சும். நடக்கும் அசைவில் அழகாகத் தெரிந்த முழங்கால், பாத்திரம் குந்தி உட்கார்ந்ததும் குச்சியாகிப் போவது இதனால்தான்.

தீர்வு, சராசரி எடுக்கும் கோண வித்தியாசத்தைச் சுருக்குவதில் இருக்கிறது. இரண்டு எலும்புகளுக்கு நடுவே, முழங்கைப் புள்ளியிலேயே மூன்றாவதாக ஒரு சிறு எலும்பை வைக்கிறார்கள். இது மேற்கைக்குக் கீழ் இருக்கும். முன்கை எவ்வளவு சுற்றினாலும் அதில் பாதி மட்டும் தானாகச் சுற்றும்படி கட்டிவிட வேண்டும். ஸ்பைனில் இதை ‘டிரான்ஸ்ஃபார்ம் கன்ஸ்ட்ரெயின்ட்’ கொண்டு செய்யலாம்; சுழற்சிக்கு 50 சதவீதம் என்று கொடுத்தால் போதும். முன்கை 90 டிகிரி போனால் நடு எலும்பு 45 டிகிரி போகும். முழங்கைப் புள்ளிகள் இப்போது ஆளுக்குப் பாதி என்று இருவருக்கும் கட்டுப்படுவதில்லை. நூறு சதவீதமும் நடு எலும்புக்கே. சராசரி என்ற பேச்சே அங்கு இல்லாததால் புள்ளி வில்லின் மேலேயே சுற்றி வரும். 30 பிக்சல் 30 ஆகவே நிற்கும்.

இனி வலையை எப்படி அடுக்குவது? கையின் குறுக்கே ஐந்து வரிசைகள் போதும். நடு வரிசை சரியாக மூட்டின் மேல். அதற்கு இருபுறமும் 20 பிக்சல் தள்ளி ஒவ்வொன்று, 40 பிக்சல் தள்ளி ஒவ்வொன்று. வரிசைக்கு மூன்று புள்ளிகள்: இரண்டு விளிம்பிலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்று. தோள் பக்கம் 40 பிக்சல் தள்ளியிருக்கும் வரிசை முழுக்க மேற்கைக்கு. 20-ல் இருப்பது மேற்கைக்கும் நடு எலும்புக்கும் பாதிப் பாதி. நடு வரிசை முழுக்க நடு எலும்புக்கு. மணிக்கட்டுப் பக்கம் இதன் கண்ணாடிப் பிம்பம். தோளிலும் மணிக்கட்டிலும் முனைப் புள்ளிகளைச் சேர்த்தால் மொத்தம் இருபது புள்ளிகளைச் சுற்றி வேலை முடிந்துவிடும்.

40 என்ற எண்ணுக்கும் காரணம் உண்டு. 90 டிகிரி மடக்கில், ஒரே எலும்புக்கு முழுதாகக் கட்டுப்படும் இருபக்க வரிசைகளின் உள் விளிம்புகள் மூட்டிலிருந்து 30 பிக்சல் தூரத்தில், அதாவது கையின் அரை அகலத்தில் இருந்தால், சரியாக ஒன்றையொன்று தொடும். அதற்கும் நெருக்கமாக வைத்தால் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். 120 டிகிரி வரை மடக்க வேண்டுமென்றால் குறைந்தது 52 பிக்சல் தேவை. அதற்காகத் தாராளமாக நூறு பிக்சல் விட்டாலும் வம்புதான். மூட்டு எங்கே என்றே தெரியாமல், எலும்பில்லாத கை போல வளைந்து தொங்கும்.

உள்பக்கம் பிழைத்திருப்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? கையை நேராக வைத்து மெதுவாக மடக்கிக்கொண்டே போக வேண்டும். மடிப்பருகே எல்லைக்கோடு இரட்டையாகத் தெரிந்தாலோ, சட்டைக் கட்டம் ஓரிடத்தில் தலைகீழாகத் திரும்பினாலோ, அங்கே ஒரு முக்கோணம் புரண்டுவிட்டது என்று பொருள். ஓவியம் எளிமையாக இருந்து இது கண்ணில் படாது என்றால், தற்காலிகமாகப் படத்துக்குப் பதில் சதுரங்கக் கட்டத்தைப் போட்டு மடக்கிப் பார்ப்பார்கள். ஒரு கட்டம் நசுங்கினாலும் உடனே தெரிந்துவிடும்.

எல்லைக்கோடு வேறொரு வகையிலும் காட்டிக்கொடுக்கும். கோடு 4 பிக்சல் கனம் என்று வைத்துக்கொண்டால், மடக்கும்போது முழங்கையின் வெளிப்பக்கம் இழுபட்டு அது சில இடங்களில் தடித்தும் சில இடங்களில் மெலிந்தும் போகும். கோட்டின் உள் ஓரத்தை ஒட்டி இன்னொரு புள்ளியை வைத்து, விளிம்புப் புள்ளியின் வெயிட்டையே அதற்கும் கொடுத்தால், இரண்டும் ஒன்றாக நகரும். நடுவில் அகப்பட்ட கோட்டின் கனம் பெரிதாக மாறாது.

மனித முழங்கை வட்டமாக மடங்குவதில்லை என்பதும் நினைவில் இருக்க வேண்டும். வெளிப்பக்கம் கூர்ந்து முட்டி தெரியும். உள்பக்கம் சதை ஒன்றையொன்று அழுத்தி நிரம்பும். அகலம் காப்பாற்றப்பட்ட நம் கையிலும் உள்பக்கத்தில் சிறிய பள்ளம் ஒன்று விழத்தான் செய்யும். நடு எலும்பைக் கையின் குறுக்குவாட்டில் ஐந்தில் ஒரு பங்கு பெரிதாக்கினால் பள்ளமும் ஏறக்குறைய நிரம்பும், வெளிப்பக்கத்தில் முட்டியும் எழும். மோஹோவில் ‘ஸ்மார்ட் போன்’ என்ற வசதி இதையே இன்னும் நுணுக்கமாகச் செய்கிறது. முன்கை 90 டிகிரியில் இருக்கும்போது முழங்கை எப்படித் தோன்ற வேண்டும் என்று ஓவியரே புள்ளிகளை நகர்த்திக் காட்டிவிடுவார். அதன்பின் முன்கை சுழலும்போதெல்லாம் அந்தத் திருத்தமும் கூடவே வரும்.

அனுபவசாலிகள் ஓவியக் கட்டத்திலேயே பாதி வேலையைக் குறைத்துவிடுகிறார்கள். கையையோ காலையோ விறைப்பாக நேராக வரையாமல் 30, 40 டிகிரி மடங்கிய நிலையில் வரையச் சொல்கிறார்கள். அப்படி வரைந்தால் நீட்டும்போது 40 டிகிரிதான் திருப்ப வேண்டும். 120 வரை மடக்கும்போதும் வலை சுமப்பது 80 டிகிரி மட்டும்தான்.

இதற்கு மேலும் மடங்க வேண்டியது பெரும்பாலும் முழங்கால்தான். சம்மணமிடும்போதோ குந்தும்போதோ கெண்டைக்கால் தொடையோடு ஒட்டுகிறது. அங்கே ஓவியமே வேறாகிறது: பேன்ட்டின் சுருக்கங்கள் புதிதாக விழுகின்றன, நேரான காலில் தெரியாத முட்டியின் மேற்பரப்பு முன்னால் வருகிறது. இல்லாத ஓவியத்தை வலையால் இழுத்து உருவாக்க முடியாது. அதனால் ரிக் செய்பவர்கள் 120, 130 டிகிரியை எட்டியதும் மடங்கிய காலுக்கென்றே தனியாக வரைந்த படத்தை மாற்றி வைக்கிறார்கள். கால் வேகமாக நகரும் ஃப்ரேமில் அந்த மாற்றத்தைச் செய்துவிட்டால், படம் மாறியது யாருக்கும் தெரிவதில்லை.