விபத்தே இல்லாத இன்ஷூரன்ஸ் விளம்பரம்!

எல்.ஐ.சி-யின் சின்னத்தைப் பார்க்காதவர் இருக்க முடியாது. காற்றில் அணைந்துவிடாதபடி ஒரு தீபத்தை இரண்டு கைகள் பொத்திப் பிடித்திருக்கும். 1956 செப்டம்பரில் அந்த நிறுவனம் தொடங்கப்பட்டது. மரணத்தை வைத்துத்தான் அதன் வியாபாரம் நடக்கிறது என்றாலும், சின்னத்தில் மரணம் இல்லை. எரிந்துகொண்டிருக்கும் விளக்கு மட்டுமே இருக்கிறது.

இது நம் வீடுகளின் பழக்கத்தோடு ஒத்துப்போகிற விஷயம். வெளியே கிளம்பும்போது ‘போறேன்’ என்று சொல்லாமல் ‘வரேன்’ என்று சொல்கிற ஊர் இது. விளக்கை ‘அணை’ என்று சொல்லாமல் ‘குளிர வை’, ‘மலையேத்து’ என்று சொன்ன பாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட வீட்டு டி.வி-யில் சாயங்காலம் ஆறரை மணிக்கு ஆம்புலன்ஸும் வெள்ளைத் துணியும் வந்தால் என்ன ஆகும்? “விளக்கு வைக்கிற நேரத்துல இது என்ன கண்றாவி, மாத்து” என்ற குரல்தான் முதலில் வரும். கேட்க வேண்டிய செய்தி அதோடு முடிந்தது.

பயமுறுத்தினால் ஆள் கேட்பாரா என்பதை விளம்பரக்காரர்களுக்கு முன்பே உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். 1953-ல் ஜானிஸ், ஃபெஷ்பாக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், பல் பராமரிப்பு பற்றி பள்ளி மாணவர்களுக்குப் பேச்சுகளை ஏற்பாடு செய்தார்கள். ஒரு குழுவுக்கு அழுகிய ஈறுகளின் படங்களைக் காட்டி மிரட்டினார்கள். இன்னொரு குழுவிடம் சாதாரணமாகப் பேசினார்கள். மிரண்டவர்கள் அதிகம் கவலைப்பட்டது உண்மை. ஆனால், சொன்னபடி பல் தேய்க்க முயன்றது, குறைவாகப் பயந்தவர்கள்தான்!

அதற்காக, இதமாகச் சொன்னால் போதும் என்று அர்த்தமில்லை. 1965-ல் லெவந்தால் என்பவரும் அவருடைய குழுவினரும் கல்லூரி மாணவர்களை டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளச் செய்ய முயன்றார்கள். ஊசியின் அவசியத்தை மட்டும் சொன்னபோது நூற்றுக்கு மூன்று பேர்தான் போனார்கள். ஊசி போடும் இடத்துக்கு வரைபடம் கொடுத்து, எந்த நேரத்தில் போகலாம் என்றும் யோசிக்கச் சொன்னபோது, அந்த எண்ணிக்கை ஏறக்குறைய 28 ஆனது. ‘அடுத்து என்ன செய்வது’ என்பதைக் கண்ணில் காட்டியதுதான் வித்தியாசம்.

இன்ஷூரன்ஸ் விளம்பரத்தில் அந்த வரைபடத்தை எங்கே வைப்பது? ஒரு கற்பனை விளம்பரத்தை ஓட்டிப் பார்க்கலாம். மொத்தம் 30 நொடி. பத்து ஷாட்டுக்கு மேல் தாங்காது.

மதுரைப் பக்கம் ஒரு நடுத்தர வீடு. பாட்டி விளக்கேற்றுகிறார். வாசலில் பைக் நிற்கிற சத்தம். அப்பா ஹெல்மெட்டை ஆணியில் மாட்டிவிட்டு, எண்ணெய் ஊறிய பஜ்ஜிப் பொட்டலத்தை மகளிடம் நீட்டுகிறார். குக்கர் விசில். “அம்மா, நாளைக்கு ஸ்கூல்ல ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கேட்டாங்க” என்கிறான் மகன். அம்மா பீரோவைத் திறந்து நீலநிற ஃபைலை எடுத்துப் புரட்டுகிறார். வீட்டு வரி ரசீது, அடுத்து ஒரு பாலிசிப் பத்திரம், அதற்கடுத்து ரேஷன் கார்டு. பாலிசி மீது அவர் விரல் அரை நொடி நிற்கிறது. அடுத்த தாளுக்குப் போய்விடுகிறது. எல்லோரும் தரையில் உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிடுகிறார்கள். “இந்த வீட்டுல எது எங்க இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்” என்று ஒரு குரல். முடிந்தது.

அந்த அரை நொடிதான் மொத்த விளம்பரமும். ஃபைலை எடுப்பது அப்பாவாக இருக்கக் கூடாது. அவர் எடுத்தால், பத்திரம் இருக்குமிடம் அவருக்குத் தெரியும் என்று மட்டுமே ஆகும். அவர் இல்லாத நாளில் அதைத் தேட வேண்டியவருக்கு அது தெரிந்திருக்கிறது என்பதுதான் இங்கே பாதுகாப்பு. மரணத்தைச் சொல்லாமலே அது சொல்லப்பட்டுவிடுகிறது.

அந்த ஷாட்டை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? குடும்பம், விளக்கு, பஜ்ஜி. கடைசியில் சமையல் எண்ணெய் பெயரைப் போட்டாலும் பொருந்தும். இதமான விளம்பரங்கள் பெரும்பாலும் சறுக்கும் இடம் இதுதான். நிறுவனத்தின் பெயரைக் கையால் மறைத்துவிட்டுப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

இன்னொரு சறுக்கல், பயம் பின்வாசல் வழியாக நுழைவது. வீடு நிஜமாகத் தெரியட்டும் என்று கலை இயக்குநர் சுவரில் மாலை போட்ட தாத்தா படத்தை மாட்டிவிடுவார். பார்ப்பவர் கண் நேராக அங்கேதான் போகும். அப்பா கிளம்பும்போது ஸ்லோமோஷனில் கையசைப்பது, காலி நாற்காலி, பின்னணியில் இழுக்கும் வயலின் எல்லாமே இந்த ரகம்தான். படத்தில் யாரும் சாகவில்லை. ஆனால், பார்க்கிறவர் வயிற்றைப் பிசைய ஆரம்பித்திருக்கும்.

வெளிச்சத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. பொழுது சாயும் நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே வானம் நீலமாகவும், உள்ளே பல்பு வெளிச்சம் மஞ்சளாகவும் இருக்கும். இரண்டும் ஒரே ஃப்ரேமில் தெரிந்தால்தான் ‘வெளியே இருட்டுகிறது, நாம் உள்ளே இருக்கிறோம்’ என்ற நிம்மதி வரும். ஜன்னலை மூடிவிட்டால் பாதி உணர்வு போய்விடும். நிஜத்தில் அந்த நீலம் சில நிமிடங்களே நிற்கும். அதற்குள் பத்து ஷாட் எடுக்க முடியாது. அதனால் ஜன்னலுக்கு வெளியே நீல வெளிச்சம் அடித்து, பட்டப்பகலிலோ நள்ளிரவிலோகூட அந்தச் சாயங்காலத்தை உருவாக்குவார்கள். பஜ்ஜி அதற்குள் நாலைந்து தடவை மாற்றப்பட்டிருக்கும் என்பது வேறு விஷயம்.

30 நொடியும் இயக்குநருக்குச் சொந்தமில்லை. நிறுவனத்தின் பெயர், பதிவு எண், விற்பனைக் கையேட்டைப் படிக்கச் சொல்லும் எச்சரிக்கை ஆகியவற்றையும் காட்ட வேண்டும். பொடி எழுத்தில் வந்து, படிப்பதற்குள் ஓடிவிடும் வரிகள் அவைதான்.

இதமான விளம்பரத்தின் எல்லையும் அங்கே தெரிகிறது. எத்தனை லட்சத்துக்குப் பாலிசி, எந்தச் சூழலில் பணம் கிடைக்காது, உயிரோடு இருந்தால் எதுவும் திரும்பி வராத டேர்ம் பாலிசியா, சேமிப்போடு சேர்ந்ததா... எதையும் அந்த மஞ்சள் வெளிச்சம் சொல்லாது. பயமுறுத்துகிற விளம்பரமும் சொல்லாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அந்தக் கற்பனை வீட்டு ஃபைலையே இன்னொரு முறை திறந்து பார்க்கலாம். கல்யாணத்துக்கு முன்பு, 24 வயதில் அந்த அப்பா பாலிசி எடுத்திருந்தால், நாமினி இடத்தில் யார் பெயர் இருக்கும்? அநேகமாக அவருடைய அம்மா பெயர், அதாவது விளக்கேற்றிய பாட்டியின் பெயர். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் வளர்ந்த பிறகும் பல வீடுகளில் அது மாற்றப்படாமலே இருக்கிறது. நிறுவனத்திடம் எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். முகவர் மூலமாகவோ, கிளை அலுவலகத்தில் படிவம் கொடுத்தோ செய்யலாம். பல நிறுவனங்களில் இணையத்திலேயே முடித்துவிடலாம்.

விளம்பரத்தில் அம்மாவின் விரல் பாலிசி மீது நிற்பது அரை நொடிதான். வீட்டில் யாராவது அந்தத் தாளைத் திருப்பி, நாமினி பெயர் வரை படிக்க ஒரு நிமிடம் ஆகும். பஜ்ஜி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.