வெப்சைட் வரவில்லை, கடிதம் போகட்டும்

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடை 90,000 ரூபாய்க்கு வெப்சைட் கேட்டது என்று வைத்துக்கொள்வோம். வடிவமைப்பு, சரக்குப் பட்டியல், பணம் செலுத்தும் வசதி என மூன்று கட்டம், கட்டத்துக்கு 30,000. கடைக்காரர் 60,000 கொடுத்துவிட்டார். கையில் இருப்பது வடிவமைப்பு மட்டும்.

கோபம் நியாயமானதுதான். ஆனால் "ஏமாற்றிவிட்டீர்கள்" என்ற சொல் கடிதத்தில் எதையும் நிரூபிக்காது. ஒப்பந்தத் தேதி, சரக்குப் பட்டியலுக்கான கெடு, பணம் அனுப்பிய நாள், "அடுத்த வாரம்" என்று வந்த வாட்ஸ்அப் பதில் ஆகியவையே நிரூபிக்கும். பிறகு கோரிக்கை: 15 நாளில் பட்டியலை முடித்துத் தர வேண்டும், இல்லையேல் அதற்கான 30,000 ரூபாயையும் டொமைன், ஹோஸ்டிங் கடவுச்சொற்களையும் ஒப்படைக்க வேண்டும். ஏற்றுக்கொண்ட வடிவமைப்புக்கான பணத்தைக் கேட்காததே கடிதத்துக்கு வலு.

பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. நேரம் முக்கியம் எனப் பேசிய ஒப்பந்தத்தில், தாமதமாக வந்த வேலையைச் சும்மா வாங்கிக்கொண்டால் தாமதத்துக்கு நஷ்டஈடு கேட்க முடியாது என்கிறது 1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55-வது பிரிவு. வாங்கும்போதே, நஷ்டஈடு கேட்கப்போவதாகத் தெரிவித்துவிட வேண்டும். அந்த ஒரு வரியை எழுதி, மின்னஞ்சலிலும் விரைவுத் தபாலிலும் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்த வேண்டும்.