லாபம் இரட்டிப்பு, பங்கு விலையோ சரிவு: ஏன்?

காலாண்டு அறிக்கையில் லாபம் கூடினால் பங்கு விலையும் ஏறும் என்றே பலரும் நினைக்கிறோம். பேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்துக்கு 2024 ஏப்ரலில் நடந்தது வேறு.

முதல் காலாண்டு வருமானம் 36.46 பில்லியன் டாலர். ஆய்வாளர்கள் எதிர்பார்த்தது சுமார் 36.16 பில்லியன். எதிர்பார்ப்பை மிஞ்சிய அந்த 0.8 விழுக்காட்டைத்தான் வர்த்தகர்கள் முதலில் கணக்கிடுவார்கள். லாபமும் முந்தைய ஆண்டைவிட இரு மடங்குக்கு மேல். ஆனாலும் மறுநாள் பங்கு விலை 10 விழுக்காட்டுக்கு மேல் விழுந்தது.

காரணம், அறிக்கையில் இருந்த முன்கணிப்பு. அடுத்த காலாண்டு வருமானம் 36.5 முதல் 39 பில்லியன் வரை இருக்கும் என்றது நிறுவனம். இதன் நடுப்புள்ளி 37.75, சந்தை எதிர்பார்த்ததோ சுமார் 38.3. அதோடு, மூலதனச் செலவும் கூடும் என்று சொல்லியிருந்தது. அவ்வாண்டில் பங்கு ஏற்கனவே ஏறத்தாழ 40 விழுக்காடு ஏறியிருந்ததால், நல்ல செய்திக்கான விலையை வாங்கியவர்கள் முன்பே கொடுத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. அறிக்கை வந்தது அமெரிக்கச் சந்தை மூடிய பிறகு, நமக்கு விடியற்காலை 4 மணிக்குமேல். மறுநாள் சந்தை திறந்தபோதே விலை வெகுவாகக் கீழே இருந்தது. 5 விழுக்காடு இறங்கினால் விற்றுவிடும்படி முன்கூட்டியே உத்தரவு போட்டிருந்தாலும், அந்த விலை கிடைத்திருக்காது.