டயருக்கு நைட்ரஜனா, சாதாரண காற்றா? அன்றாட ஓட்டுநருக்கு எது போதும்?

நைட்ரஜன் நிரப்பினால் டயர் சூடாகாது, வெடிக்காது, மைலேஜ் கூடும் என்று சொல்லப்படுகிறது. இவற்றில் எது உண்மை, கொடுக்கும் பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதை இந்தக் கட்டுரையில் விரிவாகப் பார்க்கலாம்.

பெங்களூரு: பெங்களூருவின் பெட்ரோல் நிலையங்களிலும் டயர் கடைகளிலும் காற்று நிரப்ப வண்டியை நிறுத்தினால், "நார்மலா, நைட்ரஜனா?" என்ற கேள்வி தவறாமல் வருகிறது. சாதாரண காற்று பெட்ரோல் நிலையங்களில் இலவசமாக வழங்கப்பட வேண்டிய வசதி. நைட்ரஜனுக்கு ஒவ்வொரு டயருக்கும் தனிக் கட்டணம் உண்டு. நெடுஞ்சாலையில் டயர் வெடித்து விபத்து என்ற செய்திகளைப் படித்தவர்கள், பாதுகாப்புக்காகச் சில ரூபாய் போனால் போகட்டும் என்று நைட்ரஜனைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இந்த எண்ணத்துக்கு அரசு மட்டத்திலும் ஆதரவு இருந்தது. யமுனா விரைவுச்சாலை விபத்துகள் குறித்த விவாதத்தின்போது, டயர்களில் சாதாரண காற்றுக்குப் பதிலாக நைட்ரஜன் நிரப்புவதைக் கட்டாயமாக்குவது பற்றி அரசு பரிசீலித்து வருவதாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சர் நிதின் கட்கரி 2019 ஜூலையில் மாநிலங்களவையில் தெரிவித்தார். ஆனால் அந்த யோசனை கார் ஓட்டுநர்களுக்கான கட்டாய விதியாக மாறவில்லை.

காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்

நாம் சுவாசிக்கும் காற்றில் ஏறத்தாழ 78 சதவீதம் நைட்ரஜன்தான். மீதியில் 21 சதவீதம் ஆக்சிஜன், எஞ்சியது ஆர்கான் உள்ளிட்ட பிற வாயுக்கள். கடையில் இருக்கும் நைட்ரஜன் இயந்திரம் வெளியிலிருந்து காற்றை இழுத்து, அதிலுள்ள ஆக்சிஜனையும் ஈரப்பதத்தையும் பிரித்து நீக்குகிறது. அதிலிருந்து வெளிவருவது சுமார் 95 சதவீதம் அல்லது அதற்கு மேற்பட்ட தூய்மை கொண்ட நைட்ரஜன். எனவே நாம் பணம் கொடுப்பது புதிய வாயு ஒன்றுக்கு அல்ல. காற்றில் உள்ள ஆக்சிஜனையும் நீரையும் அகற்றித் தருவதற்கே. இந்த இரண்டும் டயருக்குள் இருந்தால் என்ன தீங்கு என்பதே உண்மையான கேள்வி.

வெப்பத்தில் நைட்ரஜன் விரியாதா?

நைட்ரஜன் சூடானாலும் விரியாது, அதனால் டயர் அழுத்தம் மாறாது என்பது பரவலான நம்பிக்கை. இது சரியல்ல. டயரில் இருக்கும் அழுத்தத்தில் எந்த வாயுவானாலும் வெப்பத்துக்கு ஏறத்தாழ ஒரே அளவில்தான் விரியும்.

எடுத்துக்காட்டாக, பெங்களூருவில் காலை 20 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு காரின் டயரில் 33 பிஎஸ்ஐ அழுத்தம் இருப்பதாகக் கொள்வோம். நெடுஞ்சாலையில் ஓடி டயருக்குள் வெப்பம் 50 டிகிரியை எட்டும்போது அளவி சுமார் 37.7 பிஎஸ்ஐ காட்டும். உள்ளே இருப்பது காற்று என்றாலும் நைட்ரஜன் என்றாலும் இதே எண்தான் வரும்.

வேறுபாடு ஒரே ஒரு சூழ்நிலையில் தெரியும். கம்ப்ரசர் தொட்டியில் தேங்கும் நீரை முறையாக வெளியேற்றாத கடையில் காற்றுடன் நீர்த்துளிகளும் டயருக்குள் போய்விடும. அந்த நீர் வெப்பத்தில் ஆவியாகும்போது, மேற்சொன்ன எடுத்துக்காட்டில் கூடுதலாக ஒன்றரை பிஎஸ்ஐ வரை அழுத்தம் ஏறலாம். நொடியின் சிறு பகுதிக்காகப் போராடும் பந்தயக் காருக்கு இது முக்கியம். ஓசூர் சாலை நெரிசலில் செல்லும் காருக்கு இதனால் பெரிய மாற்றம் இல்லை.

பெங்களூருவிலிருந்து சென்னைக்கு வரும் பயணத்தையும் பார்க்கலாம். பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு வளிமண்டல அழுத்தம் சென்னையைவிட ஏறத்தாழ 1.5 பிஎஸ்ஐ குறைவு. டயர் அளவி காட்டுவது உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே. எனவே கீழே இறங்கி வரும்போது அளவியின் எண் 1.5 பிஎஸ்ஐ குறைய வேண்டும். ஆனால் சென்னையில் 35 டிகிரி வெப்பத்தில் நிற்கும் டயரில், வெப்பத்தால் அழுத்தம் சுமார் 2.4 பிஎஸ்ஐ உயரும். இரண்டும் சேர்ந்து, பெங்களூருவில் 33 காட்டிய டயர் சென்னையில் ஏறத்தாழ 34 காட்டும். இந்தக் கணக்கும் இரு வாயுக்களுக்கும் பொதுவானது.

உண்மையான பலன் எது?

நைட்ரஜனுக்கு மெய்யான ஒரு நன்மை உண்டு. டயரின் ரப்பர் வழியாக எல்லா வாயுக்களும் மிக மெதுவாக வெளியேறிக்கொண்டே இருக்கும். அதில் ஆக்சிஜன் வேகமாகவும் நைட்ரஜன் மெதுவாகவும் கசிகின்றன. அதனால் நைட்ரஜன் நிரப்பிய டயரில் அழுத்தம் சற்று நீண்ட நாள் நிலைத்திருக்கும்.

எவ்வளவு நாள் என்பதற்கு அமெரிக்காவின் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' நுகர்வோர் அமைப்பு 2006-07இல் நடத்திய சோதனை விடை தருகிறது. 31 வகை டயர்களில் தலா ஒன்றில் காற்றும் மற்றொன்றில் நைட்ரஜனும் 30 பிஎஸ்ஐ அளவுக்கு நிரப்பி, ஓராண்டு வெளியில் வைத்தார்கள். ஆண்டு முடிவில் காற்று நிரப்பிய டயர்கள் சராசரியாக 3.5 பிஎஸ்ஐ இழந்தன. நைட்ரஜன் டயர்கள் 2.2 பிஎஸ்ஐ இழந்தன. ஓராண்டுக்குப் பின் வேறுபாடு 1.3 பிஎஸ்ஐ மட்டுமே.

இதை எரிபொருள் கணக்காக மாற்றிப் பார்க்கலாம். நான்கு டயர்களிலும் ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் மைலேஜ் சராசரியாக 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் மதிப்பீடு. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காருக்கு 800 லிட்டர் பெட்ரோல் தேவை. 1.3 பிஎஸ்ஐ வேறுபாடு ஆண்டு முழுவதும் படிப்படியாகவே உருவாகிறது என்பதால் அதன் சராசரி 0.65 பிஎஸ்ஐ. இதனால் மிச்சமாவது ஏறத்தாழ ஒரு லிட்டர் பெட்ரோல். அதுவும் ஓராண்டு முழுவதும் ஒருமுறைகூட காற்றைச் சரிபார்க்காதவருக்குத்தான். மாதம் ஒருமுறை இலவசக் காற்றை நிரப்பிக்கொள்பவருக்கு இந்த மிச்சமும் கிடையாது.

ஆக்சிஜன் காலப்போக்கில் ரப்பரை முதுமையடையச் செய்யும் என்பதும், ஈரம் இரும்பு ரிம்மைத் துருப்பிடிக்கச் செய்யும் என்பதும் உண்மையே. ஆனால் டயரின் வெளிப்பக்கம் எப்போதும் காற்று, வெயில், மழை ஆகியவற்றுடன்தான் இருக்கிறது. தினசரி ஓடும் காரில், உள்ளிருந்து ரப்பர் முதுமையடையும் முன் டயரின் பட்டன் தேய்ந்து மாற்றும் நேரம் வந்துவிடும்.

பணம் கொடுத்தும் நைட்ரஜன் கிடைக்கிறதா?

பலரும் கவனிக்காத மற்றொரு செய்தி, நிரப்பும் முறை. ஏற்கெனவே சாதாரண காற்று உள்ள டயரில் அழுத்தம் 28இலிருந்து 33 பிஎஸ்ஐ வரை நைட்ரஜனால் உயர்த்தப்பட்டால், டயருக்குள் நைட்ரஜன் 78 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 80 சதவீதம் ஆகும், அவ்வளவுதான். கட்டணம் செலுத்தியும் உள்ளே இருப்பது பெரும்பாலும் பழைய காற்றே.

வால்வைத் திறந்து முழுக் காற்றையும் வெளியேற்றினாலும் டயர் வெற்றிடமாவதில்லை. வெளியில் உள்ள அதே அழுத்தத்தில் ஒரு பங்கு காற்று உள்ளே தங்கிவிடும். அதன்மேல் 95 சதவீத நைட்ரஜனை 33 பிஎஸ்ஐ வரை நிரப்பினால் தூய்மை சுமார் 90 சதவீதம் ஆகும். மீண்டும் ஒருமுறை முழுவதும் வெளியேற்றி நிரப்பினால்தான் 93 சதவீதத்தைத் தாண்டும். சில நிமிடங்களில் ஒரே முறை நிரப்பி, வால்வில் பச்சை மூடி மாட்டிவிட்டால் உள்ளே தூய நைட்ரஜன் இருக்கிறது என்று பொருளல்ல.

விமானங்களுக்கு ஏன் கட்டாயம்?

நைட்ரஜன் உண்மையிலேயே உயிர் காக்கும் இடம் விமானச் சக்கரம். 1986 மார்ச் 31 அன்று மெக்சிகோ நகரிலிருந்து புறப்பட்ட மெக்சிகானா நிறுவனத்தின் போயிங் 727 விமானம் விழுந்து 167 பேர் உயிரிழந்தனர். அளவுக்கு மீறிச் சூடான பிரேக்கின் வெப்பத்தால், நைட்ரஜனுக்குப் பதிலாக சாதாரண காற்று நிரப்பப்பட்டிருந்த டயர் வெடித்ததே காரணம் என விசாரணையில் தெரியவந்தது. அடுத்த ஆண்டு, பெரிய பயணிகள் விமானங்களின் பிரேக் உள்ள சக்கரங்களில் நைட்ரஜன் நிரப்புவதை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் கட்டாயமாக்கியது. ஆக்சிஜன் அளவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அங்குள்ள விதி.

விமானத்தின் பிரேக் வெப்பத்தில் டயரின் உட்புற ரப்பரிலிருந்து எரியக்கூடிய வாயுக்கள் வெளிப்படும். ஆக்சிஜன் இருந்தால் அவை தீப்பற்றி வெடிக்கும். சாலையில் ஓடும் காரின் டயர் அத்தகைய வெப்பத்தைச் சாதாரணமாக எட்டுவதில்லை.

கார் டயர் வெடிப்பது ஏன்?

விரைவுச்சாலையில் டயர் வெடிக்க முக்கியக் காரணம் அழுத்தக் குறைவு. காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடிந்து விரிகிறது. அந்த அசைவே வெப்பத்தை உண்டாக்குகிறது. வேகமும் அதிகச் சுமையும் சேரும்போது, ரப்பருக்கும் உள்ளே உள்ள இழைகளுக்கும் இடையிலான பிடிப்பு தளர்ந்து டயர் கிழிகிறது. பழைய டயர், பள்ளத்தில் இடித்துப் பக்கச்சுவர் புடைத்த டயர் ஆகியவற்றில் இது எளிதில் நேரும்.

பள்ளத்தில் இடித்து ரிம் வளைந்தாலோ, ஆணி ஏறினாலோ, வால்வு தளர்ந்தாலோ நைட்ரஜனும் காற்றைப் போலவே வெளியேறிவிடும். "நைட்ரஜன் போட்டாச்சு, இனி பார்க்க வேண்டாம்" என்று மாதக்கணக்கில் அழுத்தத்தைச் சோதிக்காமல் விடுவதில்தான் ஆபத்து இருக்கிறது.

என்ன செய்யலாம்?

மாதம் ஒருமுறையும் நீண்ட பயணத்துக்கு முன்பும், வண்டி ஓடிச் சூடாகும் முன் காலையில் அழுத்தத்தைச் சோதிக்க வேண்டும். ஓட்டுநர் பக்கக் கதவின் ஓரத்திலோ எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ உள்ள ஸ்டிக்கரில் உங்கள் காருக்கான அளவு இருக்கும். டயரின் பக்கச்சுவரில் அச்சிடப்பட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதுவரை நிரப்பக் கூடாது. ஓடிச் சூடான டயரில் எண் அதிகமாகத் தெரிகிறது என்று காற்றை இறக்கிவிடவும் கூடாது. குளிர்ந்தபின் அழுத்தம் தேவையானதைவிடக் குறைந்துவிடும். ஒரே டயர் மட்டும் மாதந்தோறும் இரண்டு, மூன்று பிஎஸ்ஐ குறைந்தால் அதில் பஞ்சரோ ரிம் கசிவோ இருக்கிறது என்று பொருள்.

நைட்ரஜன் டயரில் அழுத்தம் குறைந்து, அருகில் நைட்ரஜன் கிடைக்காவிட்டால் சாதாரண காற்றைத் தயங்காமல் நிரப்பலாம். இரண்டும் கலப்பதால் தீங்கில்லை. புதிய டயருடன் இலவசமாக நிரப்பித் தந்தால் நைட்ரஜனை ஏற்றுக்கொள்ளலாம். வாரக்கணக்கில் ஓடாமல் நிற்கும் காருக்கும் அது சிறிது பயன் தரும். மற்றவர்களுக்கு, அந்தப் பணத்தில் சொந்தமாக ஒரு காற்றழுத்த அளவி வாங்கி வண்டியில் வைத்திருப்பது கூடுதல் பாதுகாப்பு.