முதல் பத்தியிலேயே முடிவு தெரியட்டும்

2018 பிப்ரவரியில் பஞ்சாப் நேஷனல் வங்கி ஒரு மோசடியை வெளியே சொன்னது. மும்பை பிராடி ஹவுஸ் கிளையிலிருந்து வெளிநாட்டில் இருந்த வங்கிக் கிளைகளுக்கு, ‘இந்த வாடிக்கையாளருக்குக் கடன் கொடுங்கள், நாங்கள் பொறுப்பு’ என்ற உத்தரவாதச் செய்திகள் ஸ்விஃப்ட் வழியே போயிருந்தன. அந்த மாதம் சொன்ன தொகை சுமார் 11,400 கோடி ரூபாய். இத்தனை பெரிய பொறுப்பும் வங்கியின் கணக்கு மென்பொருளான கோர் பேங்கிங்கில் பதிவாகவே இல்லை. ஸ்விஃப்ட் தனியாகவும் கோர் பேங்கிங் தனியாகவும் இயங்கியதுதான் அந்த ஓட்டை. ஸ்விஃப்டை இப்படித் தவறாகப் பயன்படுத்த வாய்ப்பு உண்டு என்று 2016 ஆகஸ்டிலிருந்து குறைந்தது மூன்று முறை வங்கிகளை எச்சரித்ததாக ரிசர்வ் வங்கி பிறகு அறிவித்தது.

இதே ஓட்டையை வேறொரு வங்கியின் ஆடிட்டர் முன்கூட்டியே கண்டுபிடித்தார் என்று கற்பனை செய்துகொள்வோம். அவர் கையில் நாற்பது பக்க அறிக்கை இருக்கிறது. எந்த சர்வர், எந்தப் பதிப்பு, யார் யாருக்கு என்ன அனுமதி, எந்தச் செய்திகளைச் சோதித்தார் என்று வேலை நடந்த வரிசையிலேயே எழுதியிருப்பார். ‘இரு அமைப்புகளுக்கும் இடையே நேரடி இணைப்பு இல்லை’ என்ற வாக்கியம் இருபத்தேழாம் பக்கத்தில் வரும். பக்கத்தில் ‘அபாயம்: அதிகம்’ என்று சிவப்புக் கட்டம். கடைசியில் ‘கட்டுப்பாடுகளை வலுப்படுத்தலாம்’ என்று ஒரு வரி. வேறு பல விஷயங்களோடு சேர்த்து இதையும் முடிவு செய்ய வேண்டிய இயக்குநர் குழு, இதை வைத்து என்ன செய்யும்? ‘கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகும். குறை குழுவின் மேல் மட்டும் இல்லை.

குழுவுக்குப் போகும் ஒரு பக்கத் தாளில் ஆபத்து, செலவு, செய்ய வேண்டியது என்ற மூன்றும் முதலில் வர வேண்டும். இந்தக் கற்பனை வங்கிக்கு அது இப்படி இருக்கலாம்:

“கிளையில் இரண்டு ஊழியர்கள் கூட்டுச் சேர்ந்தால், கணக்கில் பதியாமலே ஒரு நாளில் 25 கோடி ரூபாய் வரை உத்தரவாதம் அனுப்பிவிட முடியும். மாதம் ஒருமுறைதான் ஒப்பிட்டுப் பார்க்கிறோம் என்பதால் அது தெரியவர 30 நாள் ஆகலாம். சோதித்த 60 செய்திகளில் 2 செய்திகளுக்குக் கணக்குப் பதிவு தாமதமாகப் போடப்பட்டிருந்தது. மோசடி எதுவும் தென்படவில்லை. இரு மென்பொருள்களையும் இணைக்க 1.4 கோடி ரூபாயும் ஐந்து மாதமும் ஆகும். அதுவரை தினமும் ஒப்பிட இரண்டு பேர் போதும். இரண்டுக்கும் இன்றே ஒப்புதல் வேண்டும். பொறுப்பு: செயல்பாட்டுப் பிரிவுத் தலைவர்.”

ஆபத்துக்கான தொகையில்தான் எழுதுபவரின் நேர்மை தெரியும். 25 கோடியை முப்பதால் பெருக்கி ‘750 கோடி இழப்பு’ என்று போட்டால் எல்லோரும் நிமிர்ந்து உட்கார்வார்கள். ஆனால் தினமும் உச்ச வரம்பைத் தொட்டு, அத்தனையும் திரும்பாமல் போனால்தான் அந்தத் தொகை உண்மையாகும். ஓர் இயக்குநர் இதைக் கேட்டுவிட்டால் மற்ற எண்களையும் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு நாள் வரம்பையும் கண்டுபிடிக்க ஆகும் நாளையும் தனித்தனியே சொல்வதில் இன்னொரு லாபமும் உண்டு. தினசரி ஒப்பீடு வந்தால் முப்பது நாள் ஒரு நாளாகிவிடும், 25 கோடிக்கு மேல் போவதற்குள் பிடிபடும் என்பதை யாரும் விளக்காமலே குழு புரிந்துகொள்ளும். இணைப்பு வேலைக்கு ஐந்து மாதம் காத்திருக்கும்போது எது அவசரம் என்பதும் தெரிந்துவிடும்.

சுருக்கும்போது சில விவரங்களை வெட்டவே கூடாது. ஒப்பிடுபவர்கள் அந்தக் கிளையைச் சேராதவர்களாக இருக்க வேண்டும். செய்திப் பட்டியலைக் கிளை தரும் அச்சுத்தாளிலிருந்து எடுக்காமல் ஸ்விஃப்ட் சர்வரிலிருந்தே எடுக்க வேண்டும். இந்த வரி விடுபட்டால், தப்பு செய்தவரே தன் தப்பைச் சரிபார்க்கும் ஏற்பாட்டுக்குக் குழு ஒப்புதல் கொடுத்ததாக ஆகிவிடும். சோதித்தது 60 செய்திகளைத்தான் என்பதும் தாளில் இருக்க வேண்டும். ‘மோசடி தென்படவில்லை’ என்பதை ‘மோசடி இல்லை’ என்று படித்துவிடுபவர்கள் உண்டு. சர்வர் பெயர், பதிப்பு எண் போன்றவையெல்லாம் பின்னிணைப்புக்குப் போகட்டும்.

இணைப்புக்கு இப்போது பணமில்லை என்று குழு மறுக்கவும் கூடும். அது அவர்கள் உரிமை. அப்படியானால் அடுத்து எந்தத் தேதியில் மறுபடி பார்ப்பது, அதுவரை ஒரு நாள் வரம்பை 25 கோடியிலிருந்து எவ்வளவுக்கு இறக்குவது என்ற இரண்டையும் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லி, ஆபத்தை ஏற்பதாகக் கையெழுத்து வாங்கிக்கொள்வது ஆடிட்டரின் வேலை.