டியூட்டி மாற்றும் முன் பக்கத்து நாளைப் பாருங்கள்

ஜெர்மனியில் பதிவு பெற்ற நர்ஸாக வேலை செய்யப் பொதுவாக பி2 நிலை ஜெர்மன் கேட்கிறார்கள். வலி, காயம், மருந்து என்று நோயாளியிடம் பேசத் தேவையானதை எல்லாம் படித்துவிட்டுத்தான் நம் ஊர்ப் பெண்கள் அங்கே போகிறார்கள். ஆனால் வார்டில் சேர்ந்ததும் கைப்பேசியில் வந்து உட்காரும் டியூட்டி செயலியில் அந்தச் சொற்கள் எதுவும் இருக்காது. Dienstplan என்ற பட்டியலில் ஒவ்வொரு தேதிக்கும் கீழே ஓர் எழுத்து நிற்கும். பெரும்பாலும் F காலை, S மாலை, N இரவு. F1, F2 என்று பிரித்து வைத்திருக்கும் மருத்துவமனைகளும் உண்டு. அவற்றின் நேரத்தை வார்டில் கேட்டுக் குறித்துக்கொள்வது முதல் வேலை. இரவு டியூட்டி வழக்கமாகத் தொடங்கும் தேதியில்தான் எழுதப்படும்: 14-ஆம் தேதிக்குக் கீழே N இருந்தால் 14 இரவு போய் 15 காலை திரும்புகிறோம்.

பட்டியலை வாசிக்கச் சில நாளில் பழகிவிடும். சிக்கல் வருவது டியூட்டியை மாற்றிக்கொள்ளும்போதுதான்.

ஒரு நர்ஸை நினைத்துக்கொள்வோம். மதுரையில் அவர் தங்கைக்குச் சனிக்கிழமை காலை 10 மணிக்கு நிச்சயதார்த்தம். கோடைக்காலத்தில் ஜெர்மனி நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால் இருப்பதால், அங்கே அப்போது காலை 6.30. வீடியோ அழைப்பில் பார்க்க ஆசை. ஆனால் அன்று அவருக்குக் காலை டியூட்டி, 6 மணிக்கே வார்டில் இருக்க வேண்டும். அதே நாளில் மாலை டியூட்டி உள்ள தோழி சம்மதிக்கிறார். அவரும் அதே தகுதியுள்ள நர்ஸ். செயலியில் Tauschanfrage அனுப்புகிறார், தோழி ஏற்கிறார். சிறிது நேரத்தில் abgelehnt என்று வருகிறது. நிராகரிக்கப்பட்டுவிட்டது.

காரணம் சனிக்கிழமையில் இல்லை, வெள்ளிக்கிழமையில் இருக்கிறது. தோழிக்கு வெள்ளியன்று மாலை டியூட்டி, இரவு 9 மணிக்கு முடிகிறது. சனி காலை 6 மணிக்கு வந்தால் இடையில் ஒன்பது மணி நேரம்தான். ஜெர்மன் வேலைநேரச் சட்டப்படி இரண்டு டியூட்டிகளுக்கு நடுவே 11 மணி நேர ஓய்வு வேண்டும். மருத்துவமனைகள் அதைப் பத்தாகக் குறைக்கலாம், ஆனால் குறைத்ததற்கு ஈடாக ஒரு மாதத்துக்குள் வேறொரு ஓய்வை 12 மணி நேரமாக நீட்டித் தர வேண்டும். இந்தக் கணக்கில் ஒன்பது போதாது. Ruhezeit என்ற சொல் நிராகரிப்புக்குப் பக்கத்தில் தெரிந்தால் விஷயம் இதுதான்.

ஆகவே கேட்பதற்கு முன், இருவரின் பட்டியலிலும் முந்தைய நாளையும் அடுத்த நாளையும் பார்த்துவிட வேண்டும். நம் நர்ஸுக்கு ஞாயிறு காலை டியூட்டி இருந்திருந்தால், சனி மாலையை வாங்கியதும் அவர் பக்கத்திலும் இதே தடை விழுந்திருக்கும். வெள்ளிக்கிழமை விடுப்பில் உள்ள, சனி மாலை டியூட்டிக்காரர் ஒருவரைத் தேடி இப்படி எழுதலாம்: „Könntest du am Samstag meinen Frühdienst übernehmen? Ich mache dafür deinen Spätdienst." தோழமையான வார்டில் இவ்வளவு போதும்.

தகுதியையும் பார்க்க வேண்டும். தகுதிச் சான்று இன்னும் அங்கீகரிக்கப்படாத மாதங்களில் நம்மவர்கள் உதவியாளர் நிலையில் வேலை பார்ப்பதுண்டு. முழுத் தகுதியுள்ள நர்ஸோடு அவர்கள் மாற்றிக்கொள்ளக் கேட்டால், அந்த ஷிஃப்டில் தகுதியானவர் குறைந்துவிடுவார் என்று மேற்பார்வையாளர் மறுக்கலாம். இது அவமதிப்பு அல்ல. நோயாளியின் பாதுகாப்புக் கணக்கு.

தோழி ஏற்றுக்கொண்டாலும் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. beantragt அல்லது offen என்று இருக்கும்வரை பழைய டியூட்டி உங்களுடையதே. வார்டு பொறுப்பாளர் ஒப்புக்கொண்டு genehmigt என்று மாறிய பிறகுதான் அது கைமாறுகிறது. இதை மட்டும் தயவுசெய்து கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். பார்க்காமல் விட்டால் காலியாகக் கிடப்பது ஒரு நோயாளியின் படுக்கையோரம்.

அந்த மாற்றம் உடனே தெரிய வேண்டுமானால் அறிவிப்பு இரண்டு இடங்களில் திறந்திருக்க வேண்டும். ஒன்று செயலிக்குள் Benachrichtigungen பகுதி, இன்னொன்று கைப்பேசியின் அமைப்புகள். ஆண்ட்ராய்டு 13 முதல் அறிவிப்புக்குச் செயலி அனுமதி கேட்டாக வேண்டும். முதல் நாள் அவசரத்தில் மறுத்திருந்தால் செயலிக்குள் எத்தனை பொத்தானைப் போட்டாலும் ஒலிக்காது. பேட்டரி சேமிப்பு முறையும் அறிவிப்பைத் தாமதப்படுத்தும். டியூட்டிப் பட்டியலைக் கைப்பேசி நாள்காட்டியோடு இணைத்திருப்பவர்கள் அதை மட்டும் நம்ப வேண்டாம். அது தானாகப் புதுப்பித்துக்கொள்ளச் சில மணி நேரம் ஆகலாம், அதுவரை பழைய ஷிஃப்டையே காட்டும்.

இரவு டியூட்டி முடித்துப் பகலில் உறங்குபவர்கள் Einspringen அறிவிப்பை, அதாவது ஆள் குறைகிறது வரமுடியுமா என்ற அழைப்பை, அணைத்து வைக்கலாம். விடுப்பு நாளில் அதை ஏற்கும் கட்டாயம் பொதுவாக இல்லை. தம் டியூட்டியில் நேரும் மாற்றத்துக்கான அறிவிப்பை மட்டும் அணைக்கக் கூடாது. 2023 ஆகஸ்டில் ஜெர்மனியின் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம், அவசர மருத்துவ ஊழியர் ஒருவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. அவருக்கு மறுநாள் வேலை உண்டு என்பது முன்பே தெரியும். நேரம் மட்டும் முந்தைய நாள் குறுஞ்செய்தியில் வந்தது. ஓய்வு நேரத்தில் வந்தாலும் அவர் அதைப் படித்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அங்கே நடைமுறையில் இருந்த ஒப்பந்தத்தை வைத்துச் சொன்ன தீர்ப்பு அது. உங்கள் மருத்துவமனையில் மாற்றத்தை எத்தனை மணிக்குள் அறிவிக்கலாம் என்பதை ஊழியர் பிரதிநிதிகளிடம், Betriebsrat அல்லது Personalrat என்ற பெயரில் இருப்பவர்களிடம், கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.